தென்னைமரத்தில் கட்டிய பசு

விடைத்தாளின் நகல் கைக்கு வந்த அன்று முதலில் நான் தேடியது பன்னிரண்டாம் கேள்வியைத்தான். நான்கரைப் பக்கம் எழுதியிருந்தேன். பென்சிலில் ஸ்கேல் வைத்துப் போட்ட படம், பாகங்களின் பெயர்கள், அம்புக்குறிகள், வரி வரியாக இறங்கிவரும் சமன்பாடு, கடைசியில் பெட்டி கட்டிய விடை. முதல் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம், அதற்குள் 2 என்ற எண். மற்ற மூன்றரைப் பக்கத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரே கோடு. நான் எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. கேட்டதற்கு அது பதிலாக இல்லை, அவ்வளவுதான்.

தென்னைமரக் கட்டுரையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போன பையனின் கதை நம்மில் எல்லோருக்கும் தெரியும். தேர்வில் பசுவைப் பற்றி எழுதச் சொல்லிவிடுவார்கள். பையன் கலங்கமாட்டான். பசுவைத் தென்னைமரத்தில் கட்டுவோம் என்று ஒரு வரி எழுதிவிட்டு, தென்னை உயரமாக வளரும், இளநீர் தரும், கீற்று தரும் என்று பக்கத்தை நிரப்பிவிடுவான். சில ஊர்களில் படித்தது பசு, கேட்டது தென்னை என்று மாற்றிச் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் கதை அந்த இடத்தில், நாம் சிரிக்கும்போதே, முடிந்துவிடும். அவனுக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தது, அவன் ஏன் தென்னையை மட்டும் படித்தான், தென்னைதான் வரும் என்று யார் சொன்னது என்பதெல்லாம் கதையில் கிடையாது. நான் அந்தப் பையனாக இருந்தவன். விட்டுப்போன அந்தப் பகுதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொறியியல் இரண்டாம் ஆண்டில், மின்சாரப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். மின் எந்திரங்கள் என்று ஒரு பாடம். ஐந்து யூனிட். முதலாவது காந்தச் சுற்றுகள், இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர், மூன்றாவது ஆற்றல் மாற்றம், நான்காவது டி.சி. ஜெனரேட்டர், ஐந்தாவது டி.சி. மோட்டார். வினாத்தாள் நூறு மதிப்பெண்ணுக்கு. யூனிட்டுக்கு இரண்டு வீதம் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள். அதன்பின் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து பதினாறு மதிப்பெண் கேள்விகள். ஒவ்வொரு பதினாறிலும் (அ) அல்லது (ஆ) என்று இரண்டு இருக்கும், ஒன்றை எழுதினால் போதும். தேறுவதற்கு அந்தத் தாளில் 45 வேண்டும்.

ஒரே கேள்வியை நம்பி ஒருவன் தேர்வுக்குப் போனான் என்றால், மற்ற எதையும் படிக்காத சோம்பேறி என்று நினைக்கத் தோன்றும். அநேகமாக நடப்பது வேறு. தேர்வுக்கு முந்தைய நாள் சாயங்காலம் விடுதி அறையில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கு இது. ஜெனரேட்டரும் மோட்டாரும் தெரியும், ஆளுக்குப் பதிமூன்று போட்டால் 26. அந்த இரண்டும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து ஆறு இரண்டு மதிப்பெண் கேள்விகள், அதில் ஒரு 10. மொத்தம் 36. முதல் யூனிட்டையும் மூன்றாம் யூனிட்டையும் எப்போதோ சாய்ஸில் விட்டாயிற்று. இன்னும் ஒன்பது வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் யூனிட்டில் ஒரு பதினாறு மதிப்பெண் கேள்வியை உருப்படியாக எழுதினால் ஒன்பதுக்கு மேலேயே கிடைத்துவிடும். கையில் இருப்பது ஓர் இரவு. ஒன்றே ஒன்றைப் படிப்பது, அதை அச்சுப் பிசகாமல் படிப்பது என்று முடிவு செய்தேன்.

எதைப் படிப்பது என்பதை ஒரு சீனியர் அண்ணன் சொன்னார். அவரிடம் கடந்த ஆறு தேர்வுகளின் வினாத்தாள்கள் இருந்தன. டிரான்ஸ்ஃபார்மரின் அமைப்பு, வேலை செய்யும் விதம், அதில் தூண்டப்படும் மின்னழுத்தத்துக்கான சமன்பாடு என்ற கேள்விக்கு எதிரே மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார்.

“ஆறு தடவைல நாலு தடவை கேட்டிருக்கான் தம்பி. போன தடவை கேக்கல. அப்ப இந்தத் தடவை கேட்டே தீரணும்.”

அந்த இரண்டு வாக்கியமும் அன்றிரவு ஒன்றுக்கொன்று பலம் சேர்ப்பதாகத்தான் எனக்குப் பட்டது. பல மாதம் கழித்துத்தான் அவை ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று புரிந்தது. நான்கு முறை வந்தது, அதனால் வரும் என்பது, அடிக்கடி வருவது மறுபடியும் வரும் என்ற வாதம். போன முறை வரவில்லை, அதனால் வரும் என்பது, முறை வைத்துக்கொண்டு மாறி மாறி வரும் என்ற வாதம். போன முறை அந்தக் கேள்வி வந்திருந்தால் அண்ணன் முதல் வாதத்தை மட்டும் சொல்லியிருப்பார். இரண்டு வருடம் வராமலே போயிருந்தால் இரண்டாவதை மட்டும். எப்படி நடந்திருந்தாலும் ‘வரும்’ என்றே முடிகிற கணிப்பில் கணிப்பு என்று எதுவும் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்ல எண்ணத்தோடு, தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு சொன்னார்.

வினாத்தாளைத் தயாரிப்பவரிடம் அந்த நட்சத்திரங்கள் போய்ச் சேர்வதில்லை. பெரும்பாலும் அவர் வேறு கல்லூரி ஆசிரியராக இருப்பார். ஒரே பாடத்துக்குப் பலர் தயாரிக்கும் தாள்களில் ஒன்று கடைசியில் அச்சுக்குப் போகும். அவருக்கு உள்ள நிர்ப்பந்தங்கள் வேறு. ஐந்து யூனிட்டும் வர வேண்டும், தாள் முழுக்க விளக்கமாகவே இருந்துவிடக் கூடாது, கணக்கும் வேண்டும், (அ)வும் (ஆ)வும் ஏறக்குறைய ஒரே கடினமாக இருக்க வேண்டும். போன ஆண்டு வந்ததை ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது அந்தந்த ஆளைப் பொறுத்தது.

அன்றிரவு ஒரு மணி வரை படித்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தேன். இரும்புத் தகடுகளை அடுக்கிய கோர், அதன் ஒரு பக்கம் பிரைமரி கம்பிச் சுற்று, மறுபக்கம் செகண்டரி கம்பிச் சுற்று, மாறுதிசை மின்சாரம் பாய்ந்தால் கோரில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் பாயம், அந்த மாற்றத்தால் இரண்டாவது சுற்றில் பிறக்கும் மின்னழுத்தம். E = 4.44 f N Φ என்று முடிகிற சமன்பாடு. இரண்டு முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தேன், ஓர் எழுத்துப் பிசகவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வினாத்தாளில் பன்னிரண்டாம் கேள்வியில் டிரான்ஸ்ஃபார்மர் என்ற சொல்லைக் கண்டதுமே எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. (ஆ)வில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களை இணையாக ஓட்டுவதற்கான நிபந்தனைகளைக் கேட்டிருந்தார்கள். அதை விட்டுவிட்டேன். (அ)வில் கேட்டிருந்ததை, அன்று எனக்குக் கிடைக்காத நிதானத்தோடு இப்போது சொல்கிறேன். செகண்டரியில் எந்த லோடும் இணைக்காதபோதும் டிரான்ஸ்ஃபார்மர் ஏன் மின்சாரத்தைச் செலவழிக்கிறது? அதன் இழப்புகள் எவை? அவற்றை எந்தச் சோதனைகளால் தனித்தனியே அளப்பாய்? 10 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் இரும்பு இழப்பு 100 வாட், முழு லோடில் தாமிர இழப்பு 160 வாட். பவர் ஃபேக்டர் ஒன்று என்று கொண்டு, அரை லோடில் அதன் திறன் என்ன?

நான் இதைப் படித்தேனா என்றால், கண் ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் என்றதுமே கை எழுதத் தொடங்கிவிட்டது. படித்ததைக் கொட்டி முடிப்பதற்குள் ஐம்பது நிமிடம் போயிற்று. ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் நகலில் பார்க்கும்போது கடைசியில் அவசரமாக ஒரு வரி சேர்த்திருந்தேன். இவ்வாறு செயல்படும்போது டிரான்ஸ்ஃபார்மரில் சில இழப்புகள் ஏற்படுகின்றன என்று. பசுவைத் தென்னைமரத்தில் கட்டிய கயிறு அந்த ஒரு வரிதான். அமைப்பை விளக்கியபோது, சுழல் மின்னோட்டத்தைக் குறைக்கக் கோரைத் தகடுகளாக அடுக்குகிறார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். திருத்தியவர் தந்த 2 மதிப்பெண் அதற்கு. நான்கரைப் பக்கத்தில் கேள்விக்கு உரிய ஒரே வாக்கியத்தை அவர் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். திருத்துபவர்கள் பக்கத்தை எண்ணி மதிப்பெண் போடுவார்கள் என்று நாங்கள் விடுதியில் பேசிக்கொண்டதை அன்றோடு விட்டேன்.

மொத்தம் 38. இரண்டு மதிப்பெண் கேள்விகளில் 8, மோட்டாரிலும் ஜெனரேட்டரிலும் சேர்த்து 25, கைவிட்ட யூனிட் ஒன்றில் ஏதோ எழுதியதற்கு 3, டிரான்ஸ்ஃபார்மருக்கு 2. அந்தக் கேள்வியில் நான் எதிர்பார்த்த ஒன்பது கிடைத்திருந்தால் கூட்டுத்தொகை சரியாக 45. அந்தக் கூட்டலை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

செமஸ்டர் விடுமுறையில் அந்த ஆறு பழைய வினாத்தாள்களையும் வாங்கி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு நோட்டில் டிரான்ஸ்ஃபார்மர் யூனிட்டின் பெரிய கேள்விகளை மட்டும் பிரித்து எழுதினேன். எப்படிப் பார்த்தாலும் ஆறு தலைப்புக்குள் அடங்கின. அமைப்பும் மின்னழுத்தச் சமன்பாடும் ஒன்று. சமானச் சுற்றும் மின்னழுத்த வீழ்ச்சியும் ஒன்று. இழப்புகள், சோதனைகள், திறன் சேர்ந்து ஒன்று. இணையாக ஓட்டுவது, ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், மூன்று ஃபேஸ் இணைப்புகள் என்று இன்னும் மூன்று.

அண்ணன் சொன்னது போல நான் படித்த தலைப்பு ஆறில் நான்கு தாள்களில் வந்திருந்தது உண்மைதான். ஆனால் அந்த நான்கையும் வரி வரியாகப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. இரண்டு முறை அது எட்டு மதிப்பெண்ணுக்கான பாதிக் கேள்வியாகத்தான் வந்திருந்தது. மீதி எட்டு வேறு தலைப்பில். ஒரு முறை சமன்பாட்டை வருவிக்கச் சொல்லாமல், அதை வைத்துச் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கும் கணக்காக வந்திருந்தது. நான் மனப்பாடம் செய்த அதே வடிவில், முழுப் பதினாறுக்கும் வந்தது ஒரே ஒரு முறை. தலைப்பு வரும் வாய்ப்பை ஆறில் நான்கு என்று அண்ணன் எண்ணினார். நான் பந்தயம் கட்டியது வடிவத்தின்மேல், அது ஆறில் ஒன்று. கேள்வியை ஊகிக்கிற எல்லோரும் தலைப்பின் வாய்ப்பைச் சொல்லி, வடிவத்தின் மேல் காசு வைக்கிறார்கள். தேர்வில் தோற்றுப்போகிற பந்தயங்களில் பல இந்த இடைவெளியில்தான் விழுகின்றன என்பது என் எண்ணம்.

பிறகு இன்னொரு கணக்கும் போட்டேன். ஆறு தலைப்பும் சமமான வாய்ப்புள்ளவை, தாளில் அவற்றில் ஏதோ இரண்டு (அ)வாகவும் (ஆ)வாகவும் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு தலைப்பைப் படித்துப் போனால் அது அந்த இரண்டில் ஒன்றாக இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, நூற்றுக்கு 33. இரண்டைப் படித்தால் என்ன ஆகும்? ஆறிலிருந்து இரண்டை எடுக்கப் பதினைந்து வழிகள் உண்டு. நான் படிக்காத நான்கிலிருந்தே இரண்டும் வந்துவிட ஆறு வழிகள். ஆக நான் மாட்டிக்கொள்வது பதினைந்தில் ஆறு முறை, தப்பிப்பது ஒன்பது முறை. நூற்றுக்கு 60. மூன்றைப் படித்தால் மாட்டுவது பதினைந்தில் மூன்றே முறை, வாய்ப்பு 80. நான்கு என்றால் 93. ஐந்து தெரிந்துவிட்டால், எந்த இரண்டு வந்தாலும் ஒன்றாவது எனக்குத் தெரிந்ததாகவே இருக்கும்.

தலைப்புகள் உண்மையில் சம வாய்ப்புள்ளவை அல்ல, பாதிப் பாதியாகப் பிரிந்தும் வரும் என்பதால் இந்த எண்களை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் அவை இறங்குகிற விதம் முக்கியம். இரண்டாவது தலைப்பு 27 சேர்க்கிறது, மூன்றாவது 20, நான்காவது 13, ஐந்தாவது 7. சாய்ஸ் என்ற ஏற்பாடு இருப்பதாலேயே இரண்டாவதும் மூன்றாவதும் இவ்வளவு பெறுமதியாக இருக்கின்றன. இரவு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, ஏற்கெனவே ஒப்பிக்க முடிந்ததையே நான் மறுபடி மறுபடி ஒப்பித்தேன். அந்த மூன்று மணி நேரத்தை இன்னும் இரண்டு தலைப்புகளுக்குத் தந்திருந்தால், எட்டு மதிப்பெண் அளவுக்கு மேலோட்டமாகப் படித்திருந்தாலும்கூட, ஒன்பதின் பக்கத்தில் போயிருப்பேன்.

பழைய வினாத்தாள்களில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு பாடத்தில் கேட்கத்தக்கவை எவை, எந்த அளவில் கேட்கிறார்கள் என்பதை அவைபோல வேறெதுவும் காட்டாது. ஆனால் யாராவது ஒரு கேள்வியைக் குறித்துக் கொடுத்து இதுதான் வரும் என்றால், அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஆறு தாள் இருந்தால் கடைசித் தாளை மூடி வைத்துவிட வேண்டும். முதல் ஐந்தை மட்டும் பார்த்து ஆறாவதில் என்ன வரும் என்று தாளில் எழுதிவிட்டு, பிறகு திறந்து ஒப்பிட வேண்டும். ஐந்தாவதை மூடி முதல் நான்கை வைத்தும் அதையே செய்யலாம். நான் அந்த விடுமுறையில் யூனிட்டுக்கு ஒரு கேள்வி வீதம் இப்படி ஊகித்துப் பார்த்தேன். பத்து ஊகங்களில் மூன்றுதான் பலித்தன, அதில் இரண்டு பாதிக் கேள்விகள். கணிப்புகள் பலிப்பதாக நாம் நம்புவதற்குக் காரணம், பலித்தவற்றைத்தான் தேர்வு முடிந்த மதியம் மரத்தடியில் எல்லோரும் பேசுகிறார்கள். முப்பது கேள்விகளை ‘இம்பார்ட்டன்ட்’ என்று குறித்துக் கொடுத்தால் நான்கைந்து எப்படியும் விழும். விழாத இருபத்தைந்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த விடுமுறையில்தான் என் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் வயர்மேன். அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, தெருமுனையில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 11 கிலோவோல்ட் வந்து, வீடுகளுக்கான மின்னழுத்தமாக இறங்கிப் போகும். சின்ன வயதில் அதன் கீழே பந்து விழுந்தால் எடுக்கப் போக விடமாட்டார்கள். அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு இருவரும் அந்தப் பக்கம் நடந்தோம். கேள்வி என்ன என்று கேட்டார். லோடு இல்லாதபோதும் டிரான்ஸ்ஃபார்மர் ஏன் கரண்ட் எடுக்கிறது என்பது கேள்வி மாமா என்றேன்.

“இதையா எழுதலேன்னு சொல்ற? கொஞ்சம் சும்மா நில்லு மாப்ள. காது கொடு.”

நின்றோம். தெரு அடங்கிவிட்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கனத்த வண்டுச் சத்தம்போல ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது. பதினெட்டு வருடமாகக் கேட்கிற சத்தம். அன்றுதான் அதைக் கேட்டேன்.

“ஊரே தூங்குனாலும் இது முனகிக்கிட்டேதான் கெடக்கும். எல்லார் வீட்லயும் மெயினை எறக்குனாலும் முனகும். லைனை நிறுத்துனாத்தான் நிக்கும். இந்த முனகலுக்கும் கரண்ட் வேணும்ல? வேலை பாத்தாலும் பாக்காட்டாலும் இதுக்கு ஒரு சோறு போட்டாகணும்.”

அவர் சொன்ன அந்தச் சோறுதான் இரும்பு இழப்பு. கோருக்குள் காந்தப் பாயம் ஒரு விநாடிக்கு ஐம்பது முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை புரளும்போதும் இரும்பின் உள்ளே இருக்கும் நுண்ணிய காந்தப் பகுதிகளைத் திருப்பிப் போட ஆற்றல் செலவாகிறது. அந்தப் புரளலே இரும்புக்குள் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்களையும் கிளப்பி அதைச் சூடாக்குகிறது. திருப்பிப் போடும் செலவைக் குறைக்கத்தான் சிலிக்கன் கலந்த எஃகைப் பயன்படுத்துகிறார்கள். சுழல் மின்னோட்டத்தின் பாதையை வெட்டத்தான் அரை மில்லிமீட்டரைவிட மெல்லிய தகடுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையே மின்காப்பு வைத்து அடுக்குகிறார்கள். காந்தமாகும்போது இரும்பு மிக மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகிறது. விநாடிக்கு நூறு முறை அப்படி ஆவதுதான் நாங்கள் நின்று கேட்ட முனகல்.

“சாயங்காலம் ஏழு மணிக்கு, மோட்டாரு, மிக்ஸி, ஃபேனுன்னு எல்லாரும் போடுறப்ப தொட்டி சூடேறும். அது வேற சூடு,” என்றார் மாமா. அந்த வேற சூடு தாமிர இழப்பு. கம்பிச் சுற்றின் வழியே மின்னோட்டம் பாய்வதால் வருவது. லோடு ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். அதுவும் நேராக இறங்காது, மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும். மின்னோட்டம் பாதியானால் இந்தச் சூடு கால்பங்காகிவிடும்.

வீட்டுக்கு வந்து தேர்வுக் கேள்வியை எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. செகண்டரியைத் திறந்து விட்டுவிட்டு முழு மின்னழுத்தம் கொடுத்தால் மின்னோட்டம் சொற்பமாகத்தான் பாயும், அப்போது வாட்மீட்டர் காட்டுவது ஏறக்குறைய முழுக்க இரும்பு இழப்பு. ஊர் தூங்கும்போது கேட்கிற முனகலை அளப்பது அது. ஒரு பக்கச் சுற்றின் முனைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு, மறுபக்கம் மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் முழு மின்னோட்டத்தை மட்டும் பாயவிட்டால், அப்போது வாட்மீட்டர் காட்டுவது தாமிர இழப்பு. ஏழு மணிச் சூட்டை அளப்பது இது. கணக்கும் ஐந்து வரிதான். அரை லோடில் வெளியே போவது 5000 வாட். இரும்பு இழப்பு மாறாது, 100. தாமிர இழப்பு 160-இல் கால்பங்கு, 40. உள்ளே வர வேண்டியது 5140. 5000-ஐ 5140-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 97.3.

இதை எழுதும்போதே இன்னொன்றும் தெரிந்தது. இரும்பு புரளுவதும் சுழல் மின்னோட்டமும் விரிவாக இருப்பது எந்த யூனிட்டில் என்று புத்தகத்தைப் புரட்டினேன். முதல் யூனிட். காந்தச் சுற்றுகள். செமஸ்டர் தொடக்கத்திலேயே நான் சாய்ஸில் விட்டது. யூனிட்டுகளைத் தனித்தனிப் பெட்டிகளாக நினைத்து, இரண்டை மூடி வைத்துவிட்டால் மற்ற மூன்றும் அப்படியே கைக்கு வரும் என்று நம்பியிருந்தேன். இரண்டாவது பெட்டியின் சாவி முதல் பெட்டிக்குள் கிடந்தது.

அதன்பின் ஒரு விடையைப் படித்து முடித்ததும் அதை ஒப்பித்துப் பார்க்கும் வழக்கத்தை விட்டேன். அதற்குப் பதிலாக அதே விடையிலிருந்து புத்தகத்தில் இல்லாத நாலு கேள்விகளை எழுதிப் பார்ப்பேன். கோரைத் தகடாக அடுக்காமல் ஒரே கட்டியாக வார்த்தால் என்ன ஆகும்? டி.சி. மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும்? லோடு இல்லாதபோது சூடாகுமா? மின்னழுத்தச் சமன்பாட்டை அச்சுப் பிசகாமல் ஒப்பித்த அந்த இரவில் இந்த மூன்றில் ஒன்றைக்கூட என்னால் சொல்லியிருக்க முடியாது. ஒப்பிக்கும்போது வாய் தடுமாறாமல் இருப்பது, தெரிந்துவிட்டது என்ற எண்ணத்தை எவ்வளவு உறுதியாகக் கொடுக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து அரியர் தேர்வு எழுதினேன். டிரான்ஸ்ஃபார்மரில் ஐந்து தலைப்புகள் படித்திருந்தேன், மூன்று ஃபேஸ் இணைப்புகளை மட்டும் விட்டிருந்தேன். முதல் யூனிட்டை முழுக்கப் படித்திருந்தேன். அறையில் உட்கார்ந்து, பன்னிரண்டாம் கேள்வியை எடுத்து, ஒவ்வொரு சொல்லின் கீழும் பேனா முனையை வைத்து இரண்டு முறை படித்தேன். (அ) ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் எவ்வளவு தாமிரம் மிச்சமாகும் என்று நிறுவச் சொன்னது. (ஆ) டிரான்ஸ்ஃபார்மரின் அமைப்பை விளக்கி, மின்னழுத்தச் சமன்பாட்டை வருவிக்கச் சொன்னது. முழுப் பதினாறுக்கு, அண்ணன் நட்சத்திரம் போட்ட அதே வடிவில்.

நான் (அ)வை எழுதினேன்.